“பார்ட்ஸ் வரவில்லை” என்றால் எந்தப் பார்ட்ஸ்?

கேள்வி: மகள் வந்தாறுமூலை கம்பஸில் படிக்கிறாள். மட்டக்களப்பு டவுனில் வாங்கிய லெப்டொப் திடீரென்று ஒன் ஆகாமல் போனதால், வாங்கிய இடத்துச் சேர்விஸ் சென்ரரில் செப்டெம்பர் 4ஆம் திகதி கொடுத்தோம். ஆறு கிழமையாகிவிட்டது. எப்போது கேட்டாலும் “கொழும்பிலிருந்து பார்ட்ஸ் வரவேண்டும்” என்கிறார்கள். வொரண்டி நவம்பர் 20இல் முடிகிறது. என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும்?
– ஒரு தகப்பன், களுவாஞ்சிகுடி

பதில்: முதலில், லெப்டொப்பைக் கொடுத்தபோது தந்த துண்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் “நோ பவர்” என்று மட்டும் எழுதியிருப்பார்கள். வொரண்டியில் எடுத்த வேலை என்றோ, மெஷினின் சீரியல் நம்பரோ அதில் இல்லாவிட்டால் நேரில் போய் எழுதுவித்து, திகதியோடு கையெழுத்தும் வாங்குங்கள். நவம்பர் 20 கடந்தபின், வொரண்டி இருந்தபோதே கொடுத்தீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி. சீரியல் நம்பர் வாங்கிய பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். பற்றுச்சீட்டிலும் இருக்கலாம்.

“பார்ட்ஸ் வரவேண்டும்” என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கும். மெஷினை இன்னும் யாரும் திறந்தே பார்க்காமல் இருக்கலாம். பார்த்து, மதர்போர்ட் போய்விட்டதென்று கண்டாலும், வொரண்டியில் மாற்றிக் கொடுக்கக் கம்பனி இன்னும் சம்மதிக்காமல் இருக்கலாம். அல்லது சம்மதம் கிடைத்து, ஓர்டரும் போட்டு, உண்மையாகவே பொருளுக்குக் காத்திருக்கலாம். மூன்றாவதென்றால் பொறுக்கலாம். முதல் இரண்டும் என்றால் நீங்கள் காத்திருப்பதில் பயனில்லை. ஆகவே “எப்போது கிடைக்கும்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, வட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்புங்கள்:

“செப்டெம்பர் 4இல் கொடுத்த லெப்டொப்பில் என்ன பிழை கண்டீர்கள்? எந்தப் பார்ட், அதன் நம்பர் என்ன? வொரண்டியில் மாற்றக் கம்பனி சம்மதித்த திகதி எது? ஓர்டர் போட்ட திகதி எது?”

ஓர்டர் போட்டவரிடம் பார்ட் நம்பரும் திகதியும் கட்டாயம் இருக்கும். அவற்றைச் சொல்ல முடியவில்லையென்றால் ஓர்டர் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் பதில் சொன்னால், வைத்த கையோடு “இன்று நீங்கள் சொன்னது இதுதானே” என்று அதையே எழுதி அனுப்பிவிடுங்கள். சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். “தண்ணீர் பட்டிருக்கிறது, வொரண்டி செல்லாது” என்று திடீரென்று சொன்னால், பட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை ஏற்று ரிப்பெயாருக்குக் காசு கட்டிவிடாதீர்கள்.

மாற்றப்போவது மதர்போர்ட் என்றால், மகள் இன்றைக்கே ஒரு வேலை செய்ய வேண்டும். இதைத் தெரியாமல் என் தம்பி பட்ட பாடு எனக்குத் தெரியும். போர்ட் மாற்றி வந்த லெப்டொப்பை வீட்டில் ஒன் பண்ணினால் நீலத் திரை. 48 இலக்கச் சாவி கேட்டது. விண்டோஸ் 11 உள்ள பல லெப்டொப்களில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் இரகசியம் பழைய போர்டிலுள்ள சிப்பில் இருப்பதால், புதிய போர்டுக்கு டிஸ்க் திறக்காது. அந்தச் சாவி இல்லாமல் டெக்னீஷியனாலும் திறக்க முடியாது. ஃபோர்மட் பண்ணத்தான் முடியும். கம்பஸ் அசைன்மென்ட் எல்லாம் அதோடு போய்விடும். மகள் போனிலிருந்தே aka.ms/myrecoverykey என்ற முகவரிக்குப் போய், லெப்டொப்பில் பாவித்த அதே கணக்கால் உள்நுழைந்து, அங்கே காட்டும் சாவியைத் தாளில் எழுதி வைக்கட்டும். “எங்களைக் கேட்காமல் ஃபோர்மட் பண்ண வேண்டாம்” என்பதையும் அதே வட்ஸ்அப்பில் சேருங்கள்.

திருப்பி எடுக்கும்போது கடையில் வைத்தே ஒன் பண்ணி, பவர்ஷெல்லில் இதை அடித்துப் பாருங்கள்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

வரும் நம்பர் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். வெறுமையாக இருந்தால், புதிய போர்டில் நம்பரைப் பதியாமல் விட்டிருக்கிறார்கள். பதிந்து தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றிய பார்டுக்கு எத்தனை நாள் வொரண்டி என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். அதையும் துண்டில் எழுதுவியுங்கள்.

வட்ஸ்அப்புக்கு ஒரு கிழமையில் ஒழுங்கான பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், கொடுத்த உத்தரவாதத்தின்படி அமையாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறது. 1977க்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். முறைப்பாட்டுக்குக் காலவரையறை இருப்பதால் வொரண்டி முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பற்றுச்சீட்டு, வொரண்டி அட்டை, அந்தத் துண்டு, வட்ஸ்அப் பதிவுகள் எல்லாவற்றிலும் பிரதி எடுத்து இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.