கடை வாசலில் கறுத்தது, காருக்குள் ஏன் கறுக்கவில்லை? வெயிலில் நிறம் மாறும் கண்ணாடி குறித்துக் கேள்வி பதில்

பவர் லென்ஸ் அளவெடுத்துப் பொருத்துவது என் தொழில். வெயில் காலம் வந்தால் போட்டோகுரோமிக் லென்ஸ் பற்றிய புகார்கள்தான் அதிகம் வருகின்றன. வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தருகிறேன்.

கால் டாக்ஸி ஓட்டுநர், மதுரை: கடை வாசலில் ஒரு நிமிடத்தில் கறுத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வெள்ளையாகவே இருக்கிறது. போலி லென்ஸைத் தலையில் கட்டிவிட்டார்களா அண்ணா?

வாசலில் கறுத்தது என்றால் லென்ஸ் போலி இல்லை தம்பி. அதைக் கறுக்க வைப்பது வெளிச்சம் அன்று, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். உங்கள் காரின் முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியிருப்பார்கள். கல் பட்டாலும் சில்லுகள் முகத்தில் தெறிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதே படலம் புற ஊதாக் கதிரையும் ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் உள்ளே வருகிறது, லென்ஸைத் தூண்டும் கதிர் வருவதில்லை.

சந்தேகம் தீர ஒன்று செய்யுங்கள். வண்டியை வெயிலில் நிறுத்தி, கண்ணாடியை முன்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு நிமிடம் பிடியுங்கள். பிறகு கதவுக் கண்ணாடியை இறக்கி, வெளியே நீட்டி இரண்டு நிமிடம் பிடியுங்கள். உள்ளே வெளுத்து, வெளியே கறுத்தால் லென்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

பகல் முழுக்க ஓட்டுகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. உங்கள் பவரிலேயே நிறம் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். போலரைஸ்டு லென்ஸாக இருந்தால் தார்ச்சாலையிலிருந்தும் எதிரே வரும் வண்டியின் பானட்டிலிருந்தும் தெறிக்கும் கூச்சம் குறையும். இருட்டியதும் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும். விற்ற கடைக்காரர், நீங்கள் ஓட்டுநர் என்று தெரிந்தும் இதைச் சொல்லவில்லை என்றால், அது அவர் தவறு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்னை: கொடைக்கானல் போயிருந்தபோது என் கண்ணாடி கன்னங்கரேலென்று ஆனது. சென்னையில், சித்திரை வெயிலில், அந்தக் கறுப்பில் பாதிகூட வருவதில்லை. மலையில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதுதானே காரணம்?

நீங்கள் சொல்வது உண்மைதான் ஐயா. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஆனால் நீங்கள் பார்த்த வித்தியாசத்துக்கு அது மட்டும் போதாது. பெரிய பங்கு குளிருக்குத்தான்.

லென்ஸில் கலந்துள்ள சாயத்தின் மூலக்கூறுகள், புற ஊதாக் கதிர் பட்டதும் வடிவம் மாறி, ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. வெப்பம் அவற்றைப் பழைய வடிவத்துக்குத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு வேகமாகக் கொட்டினாலும், ஓட்டை பெரிதானால் மட்டம் ஏறாது. கொடைக்கானல் குளிரில் ஓட்டை சிறியது. சென்னையின் ஏப்ரல், மே மாதங்களில் அது பெரிதாகிவிடுகிறது. கறுப்பு அதிகம் தேவைப்படும் நாளில்தான் லென்ஸ் குறைவாகக் கறுக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, எடுத்துத் துடைத்து வெயிலில் பிடியுங்கள், நன்றாகக் கறுக்கும். அது அங்கேயே கிடந்து சூடேற ஏற, நிறம் இறங்குவதும் தெரியும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், மேற்பூச்சுக்கு ஆகாது.

கடையில் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. இந்த லென்ஸ்களை 23 டிகிரி செல்சியஸில் சோதிப்பது வழக்கம், சூட்டின் பாதிப்பைப் பார்க்க 35 டிகிரியிலும் சோதிப்பார்கள். காட்டப்படும் கறுப்பு பெரும்பாலும் 23 டிகிரிக்கு உரியது. "35 டிகிரியில் எத்தனை சதவீதம் ஒளியை விடும்?" என்று கேளுங்கள். நமக்குப் பொருந்தும் எண் அதுதான். ஏசி அறைக்குள் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் காட்டுவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

ஐ.டி. ஊழியர், கோவை: அப்படியானால் காரில் ஏசியைக் கூட்டி வைத்தால் கறுக்கும்தானே?

கறுக்காது. குளிர் உதவ வேண்டுமானால் முதலில் கதிர் உள்ளே வர வேண்டும். ஏசியால் நீங்கள் உணரப்போவது வேறொன்று. வெளியே கறுத்த கண்ணாடியோடு குளிரூட்டிய அறைக்குள் போனால், அது தெளிவாவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இல்லத்தரசி, திருச்சி: அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இந்தக் கண்ணாடிதான் போட்டிருக்கிறார். காரில் கறுக்கவில்லை என்றால் கதிர் நேராக அவர் கண்ணுக்குள் போய்விடுமே?

பயப்பட வேண்டாம் அம்மா. முன்கண்ணாடி தடுத்ததால்தானே கறுக்கவில்லை! அது தவிர, தரமான போட்டோகுரோமிக் லென்ஸ் வெளுத்திருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கறுப்பு, கூச்சத்தைக் குறைக்க மட்டுமே. அப்பாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை என்றால், அவரை அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூரியர் ஊழியர், வேலூர்: நான் பைக்கில் போகிறேன். எனக்கு இந்தச் சிக்கல் இருக்காதே?

ஹெல்மெட்டின் முன்தகடு பெரும்பாலும் பாலிகார்பனேட். அதுவும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை விழுங்கும். தகட்டை இறக்கினால் லென்ஸ் வெளுக்கிறது, ஏற்றினால் கறுக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். கறுப்புக்காகத் தகட்டை ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். தூசியும் பூச்சியும் கண்ணுக்குள் போகும்.

கார் கண்ணாடி பொருத்துபவர், சேலம்: முன்கண்ணாடி பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் கதவுக் கண்ணாடி எல்லா வண்டியிலும் ஒன்றில்லை. பழைய வண்டிகளில் ஒற்றைக் கண்ணாடி, சில புதிய வண்டிகளில் சத்தத்தைக் குறைக்க அங்கேயும் படலம் வைத்த கண்ணாடி வருகிறது. இன்னொன்று, காருக்குள்ளும் கறுக்கும் லென்ஸ் என்று விற்கிறார்களே, அது எப்படி?

நல்ல விவரம், நன்றி. ஒற்றைக் கண்ணாடி வழியே கொஞ்சம் கதிர் நுழைவதால், சிலருக்குக் கதவோரம் லேசாக நிறம் ஏறும். உங்கள் விளக்கத்தால், சிலருக்கு ஏன் அதுவும் ஏறுவதில்லை என்பது புரிகிறது.

நீங்கள் கேட்ட லென்ஸ், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவை ஒட்டிய பகுதியையும் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த ஒளி முன்கண்ணாடி வழியே வரும். அதனால் கறுக்கிறது, ஆனால் வெளியில் கறுக்கும் அளவுக்கு இல்லை. வெயிலில் நிறுத்தி வைத்துக் கொதித்த வண்டியில் ஏறினால் கறுப்பு இன்னும் குறையும். வீட்டுக்குள்ளும் மெல்லிய நிறம் தங்கியிருக்கும். இரவில் ஓட்டுவதற்கான லென்ஸ் குறைந்தது 75 சதவீத ஒளியை விட வேண்டும். அந்த அளவை இவை தாண்டிவிடுகின்றன என்றாலும், மாலை மங்கலில் சிலருக்கு அந்த மெல்லிய நிறமே இடைஞ்சலாகிறது, சிலருக்குத் தெரிவதே இல்லை. யாருக்கு எப்படி என்று போட்டுப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

மளிகைக் கடைக்காரர், தூத்துக்குடி: என் கண்ணாடியை டேஷ்போர்டில் வைத்து வைத்து, இப்போது கறுப்பதும் குறைந்துவிட்டது. சூட்டில் சாயம் செத்துவிட்டதா?

லென்ஸைக் குழல்விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், அது டேஷ்போர்டு சூடு செய்த வேலை. பிளாஸ்டிக் விரிந்த அளவுக்கு மேலே உள்ள பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு விரியாமல் வெடித்திருக்கிறது. கறுப்பு குறைவதற்குக் காரணம் வேறு. சில ஆண்டுகள் வெயில் பட்டுப் பட்டுச் சாயம் தளர்கிறது. அப்போது வீட்டுக்குள்ளும் லேசான மஞ்சள் நிற்கும். வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் தெரியும். இரண்டில் எதுவானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை, லென்ஸை மாற்றத்தான் வேண்டும். ஃபிரேம் நன்றாக இருந்தால் அதிலேயே புது லென்ஸ் போட்டுக்கொள்ளலாம்.