பை ஆர்டரை நிறுத்த வேண்டும், 90,000 ரூபாய் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சின்ன அரிசி மில் வைத்திருக்கிறோம். எங்கள் பிராண்ட் அச்சிட்ட 26 கிலோ பை 20,000, பை 18 ரூபாய் கணக்கில் ஆர்டர் கொடுத்து, 1,08,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டிவிட்டோம். அறுப்பு நேரத்து மழையில் சம்பா சாய்ந்துவிட்டது, அவ்வளவு நெல் வராது. கேன்சல் செய்தால் ஆர்டர் தொகையில் 25 சதவீதம் தர வேண்டும் என்கிறார் பை கம்பெனிக்காரர். குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் கேன்சல் பேச்சை எடுப்பதற்கு முன்னால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், அதுவும் இன்றைக்கே. போனில் சொல்லிவிட்டு, உடனே வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுதி அனுப்புங்கள்: "இந்த ஆர்டரில் மேற்கொண்டு பிரிண்டிங், லேமினேஷன், தையல் எதுவும் தொடங்க வேண்டாம். இதுவரை எது எது, எத்தனை பைக்கு முடிந்திருக்கிறது என்று போட்டோவுடன் தெரிவியுங்கள்." தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தைக் கேட்க முடியாது என்பது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு. இந்தச் செய்தி கிடைத்த பிறகும் மிஷினை ஓட்டினால், அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுவது அவருக்குச் சுலபமில்லை.

வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் கலருக்கு ஒன்றாக சிலிண்டர் வெட்டுவார்கள். அந்த சிலிண்டரில் ஃபிலிம் அச்சாகும். அப்புறம் அதை நெய்த பிளாஸ்டிக் துணியோடு ஒட்டி, வெட்டித் தைப்பார்கள். அச்சாகாத துணி வழக்கமான அகலத்தில் இருந்தால் வேறு மில்லின் பைக்குப் போய்விடும், அதில் அவருக்குப் பெரிய நஷ்டமில்லை. உங்கள் பெயர் அச்சான ஃபிலிம் மட்டும் வேறு யாருக்கும் ஆகாது, கழிவுதான்.

25 சதவீதம் என்றால் 90,000 ரூபாய். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலே முழுசாகக் கிடைத்துவிடாது. 74-வது பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் உரியது. ஆனால் அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் நீங்கள்தான் அலைய வேண்டும். அதனால் இந்தப் பிரிவுகளைப் பேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு வேண்டாம்.

6,000 பைக்கு ஃபிலிம் அச்சாகிவிட்டது, மற்றதெல்லாம் வெறும் துணி என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்த 6,000 பையைத் தைத்துத் தரச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். விலை 1,08,000 ரூபாய், உங்கள் அட்வான்ஸ் அப்படியே அதற்குச் சரியாகிவிடும் (ஜி.எஸ்.டி. தனி). சொந்த பிராண்ட் என்பதால் பை வீணாகாது. வெயில் படாமல் வையுங்கள், இந்தப் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கிவிடும்.

மீதி 14,000 பைக்குத்தான் பேச்சு. சிலிண்டர் செலவை அவர் தனியாக வாங்காமல் பை விலையில் பரப்பியிருந்தால், அதைக் கேட்பது நியாயம். ஆறு சிலிண்டருக்கு 36,000 ரூபாய் ஆனதென்றால், 14,000 பைக்கு உரிய பங்கு 25,200. அதைக் கொடுத்துவிட்டு, சிலிண்டர்கள் இனி உங்களுடையவை என்று எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு இடத்தில் அச்சடித்தாலும் உதவும். கைவிட்டுப்போன லாபத்தையும் அவர் கேட்கலாம், சட்டமும் அதை மறுக்கவில்லை. பைக்கு ஒரு ரூபாய் என்று 14,000-த்தில் நிறுத்தப் பாருங்கள். குறுவைக்கு ஆர்டர் தருவதாகச் சொன்னால் அதையும் விட்டுக்கொடுக்கக்கூடும், ஆனால் உண்மையிலேயே தருவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மொத்தம் 39,200, அதற்கு மேல் போக வேண்டாம்.

மழையைக் காரணம் காட்டித் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். நெல் போனது உங்கள் பக்கத்துச் சங்கடம், பை தயாரிப்பதை மழை தடுக்கவில்லை. தரம் சரியில்லை என்று கதை கட்டுவதும் கெடுதல். என்னிடம் வந்த ஒரு மில்காரர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, வாசலுக்கு வந்த லாரியைத் திருப்பி அனுப்பினார். கேன்சல் தொகையோடு போக வர லாரி வாடகையும் அவர் தலையில் விழுந்தது. பை கம்பெனிக்காரர் சொன்ன டெலிவரி தேதி கடந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவையுங்கள். கடந்திருந்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும்.

பேசி முடித்ததும் ஒரு கடிதம் போடுங்கள்: 14,000 பை இரு தரப்புச் சம்மதத்தோடு ரத்து, தொகை இவ்வளவு, இந்த ஆர்டரில் இனி யாருக்கும் பாக்கி இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு பணத்தை அனுப்புங்கள். பில் 6,000 பைக்கு மட்டும் வருகிறதா என்று பாருங்கள்.