படத்தின் ஓரத்தில் விழுந்த தேதி: வெட்டவா, மூடவா, வரையவா?

"மொரீஷியஸின் கோர் த கார்ட் மலைக்கோயிலில் அப்பா காவடி எடுத்த பழைய பிரிண்ட், 15க்கு 10 சென்டிமீட்டர். 600 dpi-யில் ஸ்கேன் செய்தேன். 30க்கு 20-இல் பிரிண்ட் போட்டு மாட்ட ஆசை. வலது கீழ் மூலையில் கேமரா பதித்த ஆரஞ்சுத் தேதி இருக்கிறது. பாதி தார்ச்சாலைமேல், கடைசி எண் தம்பியின் ரோஸ் வேட்டிக் கரைமேல். வெட்டிவிடலாமா?" – காத்ர் போர்ன் வாசகர்

வெட்ட வேண்டாம். ஸ்கேனில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். தேதி முழுதும் போக, கீழே 1 சென்டிமீட்டர் எடுக்கவேண்டும். அப்பாவின் கால்விரல் நுனி அடிவிளிம்பிலிருந்து 1.2 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. ஃப்ரேமின் உதடு அந்த மிச்சத்தையும் மூடிவிடும். வெறுங்காலில் வெயில் தாரில் நடந்தவரின் பாதமே படத்தில் முக்கியம். அதோடு, உயரம் 9 ஆனால் அதே விகிதத்துக்கு அகலம் 13.5 ஆகவேண்டும். இடக்கோடியில் பால்குடத்தோடு நிற்கும் அம்மாவின் தோள் போய்விடும்.

தார்ப்பகுதிக்குக் குளோன் போதும், அதாவது பக்கத்து இடத்தை நகலெடுத்துத் தேதிமேல் பூசுவது. GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் மேலே வெற்று லேயர் ஒன்று வைத்து, `Sample merged` போட்டுக்கொள்ளுங்கள். `Ctrl` அழுத்தி மாதிரி எடுக்கும் இடம், தேதிக்கு நேர் இடப்பக்கம், அதே உயரத்தில் இருக்கட்டும். சாலையின் கற்கள் கீழே பெரிதாகவும் மேலே போகப்போகச் சிறிதாகவும் தெரியும், மேலிருந்து எடுத்தால் ஒட்டாது. இரண்டு மூன்று இடங்களிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள், இல்லையென்றால் ஒரே கல் இரண்டு இடத்தில் முளைக்கும். இந்தத் தேதி ஃபிலிம்மேலேயே ஒளியால் சுட்டது. எண்ணைச் சுற்றி ஆரஞ்சுக் கசிவு இருக்கும், அதையும் சேர்த்து மூடுங்கள். சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மூடும் ஹீல் தூரிகையை முதலிலேயே தொட்டால் அந்த ஆரஞ்சையும் வேட்டியின் ரோஸையும் இழுத்துத் தாரில் அப்பிவிடும். குளோன் முடிந்தபிறகு, வேட்டியைத் தொடாமல், லேசாகப் போடலாம்.

கடைசி எண்தான் வேலை வைக்கிறது. கரை நேராக ஓடியிருந்தால் பக்கத்துக் கரையையே குளோன் செய்திருக்கலாம். ஆனால் எண் விழுந்த இடத்தில் துணி மடிந்து திரும்புகிறது. அந்த மடிப்புக்கு இன்னொரு ஜோடி படத்தில் இல்லை. அங்கே மட்டும் வரையுங்கள். தனி லேயரில், மடிப்பின் இருபக்க நிறத்தையும் ஸ்கேனிலிருந்தே எடுத்து, ஏழெட்டுப் பிக்சல் அகல மென்மையான தூரிகையால் கரைக்கோட்டை இரு முனையிலும் இணையுங்கள். பிறகு அந்த லேயருக்கு `RGB Noise` கொஞ்சம் கொடுங்கள். ஃபிலிமின் மணல்த்தன்மை இல்லாத பெயிண்ட், பிளாஸ்டிக் ஒட்டுப்போல் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

சரிபார்க்க, Colors மெனுவிலுள்ள Curves கோட்டை வெகு செங்குத்தாக இழுத்துப் பாருங்கள். மூடிய திட்டு வேறு சாயலில் நின்றால் அப்போது கண்ணில் படும். பார்த்ததும் Cancel கொடுத்துவிடுங்கள்.

அழிக்கும் முன் அந்தத் தேதியைப் புதுப் பிரிண்டின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். திருத்தாத ஸ்கேனும் பத்திரமாக இருக்கட்டும்.