டெண்டர் விலை போடும்போது சதவீதம் எதன் மேல்?

கேள்வி: சார், போன வருஷக் கணக்கில் மூலப்பொருள் 6,00,000, கூலி 4,00,000, பட்டறை ஓவர்ஹெட் 2,00,000, ஆபீஸ் ஓவர்ஹெட் 1,80,000, லாபம் 3,45,000. புது டெண்டருக்கு மூலப்பொருள் 50,000, கூலி 30,000 ஆகும். என்ன விலை போடணும்? (பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி)

முதலில் போன வருஷக் கணக்கை அடுக்கடுக்காக வையுங்கள். மூலப்பொருளும் கூலியும் சேர்ந்து பிரைம் காஸ்ட் 10,00,000. அதன் மேல் பட்டறை ஓவர்ஹெட் ஏறினால் பட்டறை அடக்கம் 12,00,000. ஆபீஸ் ஓவர்ஹெட்டும் ஏறினால் மொத்த அடக்கம் 13,80,000. லாபம் சேர்ந்து விற்பனை 17,25,000.

இனி ஒவ்வொன்றையும் அதற்கு முந்திய அடுக்கோடு ஒப்பிடுங்கள். பட்டறை ஓவர்ஹெட் பிரைம் காஸ்ட்டில் 20%. ஆபீஸ் ஓவர்ஹெட் பட்டறை அடக்கத்தில் 15%. லாபம் மொத்த அடக்கத்தில் 25%. அதே லாபத்தை விற்பனையில் பார்த்தால் 20%தான். இந்த ஒரு இடத்தில்தான் பரீட்சையில் பாதிப் பேர் வழுக்குகிறார்கள்: விற்பனையில் 20% என்று கேள்வியில் இருந்தால் அடக்கத்தின் மேல் 25% போட வேண்டும், 20% அல்ல.

உங்கள் டெண்டருக்கு வருவோம். பிரைம் காஸ்ட் 80,000. அதற்கு 20% என்றால் 16,000, ஆக 96,000. அதற்கு 15% என்றால் 14,400, ஆக 1,10,400. அதற்கு 25% என்றால் 27,600. டெண்டர் விலை 1,38,000.

கேள்வி: இவ்வளவு சுற்றுவது எதற்கு? 20, 15, 25 மூன்றையும் கூட்டினால் 60%. பிரைம் காஸ்ட் மேல் நேராக 60% போட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன். (வெல்டிங் பட்டறை, ஓசூர்)

80,000-க்கு 60% போட்டால் 1,28,000. மேலே வந்தது 1,38,000. ஒவ்வொரு டெண்டரிலும் 10,000 ரூபாயை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள் அண்ணா.

ஆனால் நீங்கள் நினைத்ததில் ஒரு பாதி சரி. கூட்டலாம், எல்லாச் சதவீதமும் ஒரே அடியின் மேல் எடுக்கப்பட்டிருந்தால். அதே போன வருஷக் கணக்கில் மூன்றையும் பிரைம் காஸ்ட் 10,00,000-க்கே எடுத்துப் பாருங்கள்: பட்டறை 20%, ஆபீஸ் 18%, லாபம் 34.5%. கூட்டினால் 72.5%. 80,000 மேல் 72.5% ஏற்றினால் 1,38,000 கச்சிதமாக வந்துவிடும். ஏறுகிற அடுக்குகளின் மேல் எடுத்த சதவீதமாக இருந்தால் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 1.20 × 1.15 × 1.25 = 1.725. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

உங்கள் வேலைக்கு இந்த 1.725 போல ஒரு எண்ணைக் கண்டுபிடித்துக் கல்லாப்பெட்டி மூடியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, கணக்கு முடிந்ததும், மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: டெண்டர் விலை 1,38,000 என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள், கூலி 30,000. மூலப்பொருள் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நான் 20%, 15% என்று கழித்துக்கொண்டே வந்தேன், விடை இடிக்கிறது. (அதே வகுப்பு, வேறு மாணவர்)

கழித்ததுதான் தப்பு தம்பி. ஏறும்போது பெருக்கினோம், இறங்கும்போது வகுக்க வேண்டும். பட்டறை அடக்கம் 96,000-இல் 20% கழித்தால் 76,800 வரும். உண்மையான பிரைம் காஸ்ட் 80,000. ஏனென்றால் அந்த 16,000 என்பது 80,000-இன் 20%, 96,000-இன் 20% அல்ல.

லாபம் மட்டும் விற்பனையின் மேல் சொல்லப்பட்டிருந்தால் கழிக்கலாம், அங்கே அடி விற்பனையே. 1,38,000-இல் 20% போனால் 1,10,400. அதை 1.15-ஆல் வகுத்தால் 96,000. 1.20-ஆல் வகுத்தால் 80,000. கூலி 30,000 போக மூலப்பொருள் 50,000. விடை வந்ததும் மறுபடி கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. 1,38,000-இல் போய் நிற்கவில்லை என்றால் எங்கோ வகுக்க வேண்டிய இடத்தில் கழித்திருக்கிறீர்கள்.

நானே இதில் கை சுட்டுக்கொண்டவன். ஆரம்ப காலத்தில் ஒரு ஆர்டர், 18% ஜிஎஸ்டி உட்பட 1,18,000 என்று பேசி முடித்தோம். பில் போடும்போது நான் 1,18,000-இல் 18% கழித்து 96,760 என்று எழுதி, அதன் மேல் வரி போட்டேன். பில் தொகை 1,14,176 சொச்சம். வாங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் பணம் கட்டிவிட்டார். ஏன் அவ்வளவு அமைதி என்பது வருஷக் கடைசியில்தான் புரிந்தது. 1.18-ஆல் வகுத்திருந்தால் 1,00,000 என்று வந்திருக்கும்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன், கோவை. நீங்கள் சொல்கிற மாதிரிதான் பிரைம் காஸ்ட்டில் 20%, அப்புறம் 15%, 25% போடுகிறேன். பித்தளை புஷ் டெண்டர் ஒன்றுகூட கிடைப்பதில்லை. ஜாப் ஒர்க் மட்டும் கொட்டுகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. கணக்கு எங்கே தப்பு?

இது நல்ல கேள்வி. கணக்கில் தப்பில்லை, அடியில்தான்.

பட்டறை ஓவர்ஹெட் என்பது என்ன? கரண்டு, வாடகை, மெஷின் தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம். இவை எல்லாம் மெஷின் ஓடுகிற நேரத்தோடு போகிறவை. உங்கள் சக்கில் இரும்பு சுற்றுகிறதா பித்தளை சுற்றுகிறதா என்று வாடகைக்குத் தெரியாது. பிரைம் காஸ்ட்டின் மேல் 20% போட்டால், விலை உயர்ந்த உலோகம் என்பதற்காகவே அந்த வேலை தலையில் கூடுதல் வாடகை ஏறுகிறது.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: பித்தளை 1,40,000, கூலி 20,000. பிரைம் காஸ்ட் மேல் 20% என்றால் ஓவர்ஹெட் 32,000. ஆபீஸும் லாபமும் ஏறி விலை 2,76,000. அதே ஓவர்ஹெட்டைக் கூலியின் மேல் எடுங்கள். மேலே உள்ள வருஷக் கணக்கில் 4,00,000 கூலிக்கு 2,00,000, அதாவது 50%. இந்த வேலைக்கு 10,000 மட்டும். விலை 2,44,375. பக்கத்துப் பட்டறைக்காரர் இப்படிப் போட்டால் ஆர்டர் அவருக்குத்தான்.

இப்போது ஜாப் ஒர்க். மெட்டீரியல் பார்ட்டி கொடுக்கிறார், உங்கள் கூலி அதே 20,000. பிரைம் காஸ்ட்டே 20,000தான், 20% என்றால் ஓவர்ஹெட் 4,000. உண்மையில் அந்த நேரத்துக்குப் போனது 10,000. ஆகவே எல்லாரையும்விடக் குறைந்த விலை உங்களுடையது. வேலை கொட்டத்தான் செய்யும். உலோகம் கனத்த டெண்டர் எல்லாம் தவறிப்போய், கூலி வேலை மட்டும் குவிந்தால், அது சந்தை மோசம் என்பதன் அறிகுறி அல்ல, ஓவர்ஹெட்டைத் தப்பான அடியில் வைத்திருக்கிறீர்கள் என்பதன் அறிகுறி.

எப்போதும் ஒரே உலோகம், ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூலி என்று ஓடுகிற பட்டறைக்கு பிரைம் காஸ்ட் சதவீதம் பெரிய கெடுதல் செய்யாது. உங்களுடையது அப்படி இல்லை. சிஎன்சி இருந்தால் கூலியைக்கூட விட்டுவிட்டு மெஷின் மணிக்கு இவ்வளவு என்று போய்விடுங்கள்.

கேள்வி: நானும் டெண்டர் போடுகிறவன்தான். பொதுப்பணித் துறை வேலையில் மதிப்பீட்டுக்கு மேல் எத்தனை சதவீதம் எழுதலாம்? 5% குறைத்து எழுதினால் கட்டுமா? (கட்டிட ஒப்பந்ததாரர்)

நீங்கள் கேட்பது வேறு சதவீதம் ஐயா. அங்கே அரசு மதிப்பீடு முன்னாலேயே போடப்பட்டுவிடுகிறது, நீங்கள் அதற்கு மேலோ கீழோ எழுதுகிறீர்கள். அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே ஒப்பந்ததாரர் லாபமும் மேற்செலவும் அடங்கியிருக்கும். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் இரண்டுக்கும் சேர்த்து 15% வைக்கிறார்கள். 5% குறைப்பது கட்டுமா என்பதை உங்கள் சொந்த அடக்கத்தை முதலில் போட்டுவிட்டு அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அதை வைத்துக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: ஒரு கணக்கு: "பட்டறை ஓவர்ஹெட் கூலியில் 60%, பிரைம் காஸ்ட்டில் 20%. ஓவர்ஹெட் 24,000." இவ்வளவுதான். மூலப்பொருளைக் கண்டுபிடி என்கிறார்கள். தகவல் பற்றாது என்று விட்டுவிட்டேன். (சிஎம்ஏ படிக்கிறேன்)

பற்றும்மா. ஒரே 24,000-ஐ இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறார்கள். அது கூலியில் 60% என்றால் கூலி 40,000. பிரைம் காஸ்ட்டில் 20% என்றால் பிரைம் காஸ்ட் 1,20,000. நேரடிச் செலவு வேறு எதுவும் சொல்லப்படாததால் மூலப்பொருள் 80,000.

இதன் தம்பிக் கணக்கு ஒன்று உண்டு, அது கொஞ்சம் கள்ளத்தனமானது. பட்டறை அடக்கம் 95,000, மூலப்பொருள் 50,000, ஓவர்ஹெட் கூலியில் 50%. பலர் கண்ணை மூடிக்கொண்டு 95,000-ஐ 1.50-ஆல் வகுத்துவிடுவார்கள். ஓவர்ஹெட் மூலப்பொருளைத் தொடவே இல்லை, ஆகவே முதலில் மூலப்பொருளைக் கழித்துவிட வேண்டும். மீதி 45,000-இல் கூலியும் அதில் பாதியும் இருக்கிறது. இப்போது 1.50-ஆல் வகுங்கள், கூலி 30,000.

கேள்வி: லேத் பட்டறைக்காரர்தான் மறுபடி. கூலி அடிக்கு மாறுகிறேன், சரி. ஆனால் சில வேலையை ஜிங்க் பிளேட்டிங்குக்கு வெளியே அனுப்புகிறேன், 12,000 ஆகிறது. அதுவும் பிரைம் காஸ்ட்தானே? அதன் மேல் ஆபீஸ் 15%, லாபம் 25% ஏற்றலாமா?

பிரைம் காஸ்ட்தான், நேரடிச் செலவு. பட்டறை ஓவர்ஹெட் அதன் மேல் வராது, நீங்கள்தான் கூலி அடிக்கு மாறிவிட்டீர்களே. மற்றபடி முழுதாக ஏற்றினால் 12,000 என்பது 17,250 ஆகிவிடும். வாங்குபவரும் அதே பிளேட்டிங்காரரை அறிந்தவராக இருந்தால் முகம் சுளிப்பார். நான் இருந்த இடத்தில் 10% கையாளும் செலவு என்று மட்டும் போட்டு 13,200 எழுதினோம். என்னோடு வேலை பார்த்த கணக்காளர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை: அனுப்புவது, எண்ணிப் பார்ப்பது, திரும்பி வந்ததில் கறை இருந்தால் சண்டை போடுவது எல்லாம் ஆபீஸ் வேலைதானே என்பார். கெட்டுப்போன சரக்கை மறுபடி செய்து கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் பிளேட்டிங்கில் நூற்றுக்கு எத்தனை திரும்பி வருகிறது?