மாற்றிக்கொண்டே இருக்கும் வாடிக்கையாளரிடமிருந்து விடைபெறும் மின்னஞ்சல்: கேள்வி பதில்

ஈரோட்டு வலை வடிவமைப்பாளர்: ஜவுளிக்கடை இணையதளம், ஆறு பக்கம், 60,000 ரூபாய், மூன்று சம தவணை. முன்பணம் வந்தது. இரண்டாம் தவணை இரண்டு மாதமாக வரவில்லை. வாரம் ஒருமுறை புது மாற்றம் கேட்கிறார். உறவு கெடாமல் எப்படி எழுதி விலகுவது?

முதல் வாக்கியத்திலேயே முடிவும் அது நடைமுறைக்கு வரும் தேதியும் இருக்க வேண்டும். "தொடர்வது சற்றுக் கடினமாக உள்ளது" என்று தொடங்கினால், அவர் அதைப் பேரம் பேசுவதற்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு இன்னொரு மாற்றப் பட்டியலை அனுப்பிவிடுவார். உங்கள் நிலைக்கு நான் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். தங்கள் கடையின் இணையதளப் பணியிலிருந்து இம்மாதம் 30ஆம் தேதியுடன் விலகிக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட ஆறு பக்கங்களில் நான்கு முடிந்து, சோதனை முகவரியில் தங்கள் பார்வைக்கு உள்ளன. வடிவமைப்புக்குத் தாங்கள் ஒப்புதல் தந்தபின் அனுப்பிய இன்வாய்ஸின்படி, இரண்டாம் தவணையான 20,000 ரூபாய் நிலுவையில் உள்ளது. இத்தொகையில் தங்களுக்கு வேறுபாடு இருந்தால் 24ஆம் தேதிக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். தொகை வந்த மறுநாள் நான்கு பக்கங்களின் மூலக்கோப்புகளை ஒப்படைத்து, அடுத்துப் பணியேற்பவருக்கு ஒரு மணி நேரம் விளக்கியும் தருகிறேன். மூன்றாம் தவணையை நான் கோரவில்லை. தாங்கள் தந்த படங்களும் பெயர்ச்சின்னமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வாய்ப்பளித்தமைக்கு நன்றி."

இதில் அவர் எத்தனை முறை மனம் மாறினார் என்ற கணக்கு இல்லாததைக் கவனியுங்கள். குற்றச்சாட்டு ஒன்றை எழுதினால் அவர் அதற்கு மட்டும் பதில் எழுதுவார், பணத்தைப் பற்றிய வரி பதிலின்றிக் கிடக்கும். அதேபோல், விலை பேசாமல் நீங்கள் செய்து கொடுத்த மாற்றங்களுக்கு இப்போது தொகை சேர்க்காதீர்கள். மறுக்க முடியாத 20,000 ரூபாயோடு, உதாரணமாக, மறுக்கக்கூடிய ஒரு 8,000 ரூபாயைச் சேர்த்தால், முழுத் தொகையும் தகராறுக்கு உள்ளாகிவிடும். மூன்றாம் தவணையில் பாதி உங்களுக்கு நியாயமாக வரவேண்டியது என்று தோன்றலாம். அதைக் கேட்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு. விரைவாக விலகுவதே நோக்கம் என்றால் நான் விட்டுவிடுவேன்.

வேறுபாடு இருந்தால் எழுதச் சொல்லும் வரியை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். "அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்" என்று அவர் எழுத்தில் பதில் தந்தால், அது கடனை ஒப்புக்கொண்டதாக வாதிட இடம் தரும். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, இத்தகைய பணத்துக்கு வழக்கிட மூன்றாண்டு கெடு உண்டு. அந்தக் கெடு முடியுமுன் கையெழுத்திட்ட எழுத்தில் ஒப்புக்கொண்டால், கெடு அந்நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

மதுரை மொழிபெயர்ப்பாளர்: சிறுதொழில் சட்டப்படி 45 நாளில் பணம் தரவேண்டும், தராவிட்டால் மூன்று மடங்கு வட்டி. உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவை இன்றே செய்துவிட்டு மின்னஞ்சலில் அதைக் குறிப்பிட்டால் போதும் அல்லவா?

பாதி சரி. நீங்கள் சொல்லும் 2006ஆம் ஆண்டின் சட்டத்தில், எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு இருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடு ஏதும் பேசாதிருந்தால் 15 நாள்தான். மூன்று மடங்கு என்பது ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டிக் கணக்கிடப்படுவது. சிக்கல் பதிவு செய்யும் நாளில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்துவிட்டு முந்தைய நிலுவைக்கு இச்சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. 2025 ஜனவரியில் வேறோர் அமர்வு இக்கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. எனவே பழைய நிலுவைக்கு இதை உறுதியான ஆயுதமாக எண்ண வேண்டாம். பதிவு இலவசம் என்பதால், அடுத்த பணிக்கு முன் செய்து, எண்ணை இன்வாய்ஸில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். விடைபெறும் முதல் மின்னஞ்சலில் சட்டப் பிரிவுகள் வேண்டாம். பதில் வராதபோது எழுதும் இரண்டாவது கடிதத்துக்கு அவற்றை வைத்திருங்கள்.

சென்னை நிரலாளர்: இவ்வளவு பணிவு எதற்கு? இணையதளத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் அன்று மாலையே பணம் வரும். பதிப்புரிமை நம்முடையதுதானே?

இதைச் செய்யாதீர்கள். உரிமையை எழுத்தில் மாற்றித் தராதவரை, தனித்தொழில் செய்பவர் எழுதிய நிரல் பொதுவாக அவருடையதே என்பது உண்மை. ஆனால் வாடிக்கையாளரின் சொந்தக் கணக்குக்குள் நுழைந்து அவரையே வெளியே நிறுத்துவது வேறு செயல். உரிமையுள்ளவருக்கு அணுகலை மறுப்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாகக் கருதப்பட்டால் 66ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். பணம் கேட்கும் இடத்தில் இருந்த நீங்கள் பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

அதே நிரலாளர்: தளம் என் ஹோஸ்டிங் கணக்கில் இருக்கிறது, மாதக் கட்டணமும் நான்தான் கட்டுகிறேன். அப்போதும் நான் இலவசமாக ஓட்ட வேண்டுமா?

இது முந்தைய கேள்வியிலிருந்து மாறுபட்டது, இதில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. உங்கள் செலவில் ஓடும் சேவையை முடித்துக்கொள்ளலாம். ஆனால் தேதி சொல்லி, தரவை எடுத்துக்கொள்ள அவகாசம் தந்து முடிக்க வேண்டும். "இம்மாதம் 30ஆம் தேதிக்குப் பின் என் கணக்கில் இத்தளத்தைப் பராமரிக்க இயலாது, அதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டுகிறேன்" என்ற வரி போதும். அவர் கடையின் ஆர்டர் விவரங்களைப் பணயமாகப் பிடித்துவைக்காதீர்கள்.

கோவை வரைகலைஞர்: நிரலாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோப்பை முழுதாகக் கொடுத்தவர்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

கோப்பைக் கொடுக்கச் சொல்லவில்லை. மேலே உள்ள மாதிரியைப் பாருங்கள்: நாம் உருவாக்கிய மூலக்கோப்பு, பணம் வந்த பிறகு. அவர் தந்த படங்கள், பெயர்ச்சின்னம், அவர் பெயரில் வாங்கிய டொமைன் ஆகியவை நிபந்தனையின்றி, உடனே. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் வழக்குகள் பிறக்கின்றன. எவ்வளவு காலம் நிறுத்திவைப்பது நேர்மை என்பதில் நமக்குள் கருத்து வேறுபடலாம். கடையின் பண்டிகை விற்பனை நின்றுபோகும் என்று தெரிந்தால் நான் விட்டுக்கொடுப்பேன், நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

திருச்சி உள்ளடக்க எழுத்தாளர்: தனித்தொழில் செய்பவர்களை வாடிக்கையாளர்களோடு இணைக்கும் ஓர் இடைத்தளத்தின் வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறேன். எனக்கும் இதே மின்னஞ்சல் பொருந்துமா?

பொருந்தாது. இடைத்தளத்தில் வேலையை முடிக்கவும் தகராறைப் பதியவும் தனி வழியும் கெடுவும் உண்டு. அதன் விதிமுறைகளைப் படித்து, அதன் செய்திப்பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள்.

சேலம் கணக்காளர்: வாடிக்கையாளர் தொகையை மறுத்தால், நம் பெயரில் பிடித்துக் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பார்க்கும்படி இவர்களிடம் சொல்லுங்கள்.

மிக நல்ல யோசனை. பணமே தராத வாடிக்கையாளர், அந்த இன்வாய்ஸுக்கு வரிப்பிடித்தம் செய்து நம் பான் எண்ணில் கட்டியிருப்பதைக் கண்டிருக்கிறேன். அப்படியிருந்தால் அந்த இன்வாய்ஸை அவர் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார் என்று காட்ட அது உதவும். மின்னஞ்சல் எழுதுமுன் பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரி ஒளிப்படக்கலைஞர்: எனக்கும் ஒரு மாதிரி எழுதித் தர முடியுமா?

முதல் பதிலில் உள்ளது. தேதியையும் தொகையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தஞ்சை வடிவமைப்பாளர்: விலகுவதற்கு உடல்நலம், குடும்பம் என்று ஏதாவது காரணம் எழுதலாமா? மனம் புண்படாதே.

வேண்டாம். உண்மையற்ற காரணம் எழுதினால், "உடம்பு தேறியதும் தொடருங்கள்" என்று அவர் காத்திருப்பார். மீண்டும் சொல்கிறேன்: தேதி, தொகை, ஒப்படைக்கும் பொருள்கள். காரணத்தை எழுத வேண்டியதில்லை.

ஈரோட்டு வலை வடிவமைப்பாளர்: அனுப்பிவிட்டேன். 5,000 ரூபாய் போட்டு, "முகப்புப் பக்கத்தின் நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள், மீதி வந்துவிடும்" என்கிறார்.

நிறத்தை மாற்றாதீர்கள். "இரண்டாம் தவணையில் 5,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், மீதம் 15,000 ரூபாய். விலகும் தேதியில் மாற்றம் இல்லை. நிறமாற்றத்தை அடுத்துப் பணியேற்பவர் செய்துகொள்ளலாம்" என்று இன்றே எழுதி அனுப்புங்கள். தொலைபேசியில் அழைத்தால் மரியாதையாகப் பேசுங்கள். பேசி முடித்த கையோடு, பேசியதை இரண்டு வரியில் மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள்.