குழுப்பணியில் பங்களிக்காதவரின் பெயரை நீக்கலாமா?

"பினாங்கில் டிப்ளோமா படிக்கிறேன். நால்வர் குழுவில் ஒருவர் எதுவுமே செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். அவர் பெயரை எடுத்துவிடலாமா?"

நீங்களாக எடுக்காதீர்கள், ஒப்படைக்கும் முன்பே விரிவுரையாளருக்கு எழுதுங்கள். மதிப்பெண் முடிவு அவருடையது, மேலும் மதிப்பெண் வந்தபின் எழும் புகார் வெறும் மனத்தாங்கலாகவே படும்.

காரணம் சோம்பலாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஒருவர் அனுப்பிய பகுதியைக் குழுவில் கெட்டிக்காரர் கேட்காமலே மாற்றியெழுதினால், அனுப்பியவர் மெல்ல ஒதுங்கிவிடுவது வழக்கம். கூகுள் டாக்ஸில் Version history திறந்து, அவர் எழுதியது அழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கென்று ஒரு பகுதியும் நாளும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கொடுக்கப்பட்டதா என்பதையும் தேடுங்கள். இல்லையென்றால் இன்றே கொடுங்கள். அதற்கு முன் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

விரிவுரையாளரிடம் சகமாணவர் மதிப்பீட்டைக் கேட்கலாம். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கு ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி தருவார்கள். சராசரிகள் 4.5, 4.5, 4, 3 என வந்தால் குழுவின் சராசரி 4. ஒருவரின் சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்து, இடுபணியின் மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். இடுபணிக்கு 72 மதிப்பெண் என்றால், 3 பெற்றவருக்கு 72-இல் முக்கால் பங்கான 54 கிடைக்கும், 4.5 பெற்றவர்களுக்கு 81.

ஆனால் மூன்று நண்பர்கள் சேர்ந்தால் நான்காமவரை எளிதில் வீழ்த்திவிடலாம். ஆகவே புள்ளிக்குக் காரணம் எழுதச் சொல்வதும், அவர் தரப்பைத் தனியே கேட்பதும் ஆசிரியரின் கடமை. வீட்டில் நோயோ பகுதிநேர வேலையோ இருந்தால், அது இந்தக் கணக்கில் தெரியாது.