போகிறவர் ஏன் 'வருகிறேன்' என்கிறார்?

கேள்வி: சென்னையில் இருந்துகொண்டு, மதுரையில் இருக்கும் நண்பனிடம் போனில் 'நாளைக்கு வரேன்' என்கிறோம். நான் இருக்கும் இடத்தை விட்டுப் போகத்தானே செய்கிறேன்? இது பேச்சுவழக்குப் பிழையா, இலக்கணத்தில் இடம் உண்டா?

பிழை இல்லை. இலக்கணமும் மிகப் பழையது. தொல்காப்பியம், சொல்லதிகாரம், கிளவியாக்கத்தைப் பாருங்கள். தருதல், வருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்கிறது. அதாவது என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்ந்தால் 'வருதல்', மூன்றாம் ஆளிடம் போய்ச் சேர்ந்தால் 'செல்லுதல்'. போய்ச் சேரும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் 'வரேன்' சரிதான்.

மதுரை நண்பனிடமே சோதித்துப் பாருங்கள். 'நாளைக்கு உன் வீட்டுக்குப் போறேன்' என்று சொன்னால் அவன் உடனே கேட்பான்: 'நான் இங்க இருக்கும்போதே எதுக்குடா போறேன்னு சொல்ற?' நாளை அவன் அங்கே இருக்க மாட்டான், அவன் இல்லாத வீட்டுக்கு ஏதோ வேலையாகப் போகிறேன் என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. ஒரு வினையை மாற்றியதும் அவனை வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டோம்!

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதைவிட, நான் போய்ச் சேரும் நேரத்தில் எங்கே இருப்பான் என்பதுதான் பெரும்பாலும் கணக்கு. பக்கத்து மேசைக்காரர் மதுரைக்குக் கிளம்புகிறார், 'நீங்க முன்னால போங்க, நான் ராத்திரி பஸ்ல வரேன்' என்கிறேன். இருவரும் இன்னும் சென்னையில்தான் இருக்கிறோம். அதே பயணத்தை, எங்கும் போகாத இன்னொருவரிடம் சொல்லும்போது 'ராத்திரி பஸ்ல மதுரைக்குப் போறேன்' ஆகிவிடுகிறது.

ஆனால் இதற்கும் அடங்காத ஒரு வகை உண்டு. 'நேத்து உன் வீட்டுக்கு வந்தேன், பூட்டியிருந்தது.' போனபோது அங்கே யாரும் இல்லை, பேசும்போதும் நாம் வேறு எங்கோ நிற்கிறோம். ஆனாலும் 'வந்தேன்'தான் பொருந்துகிறது. காரணம், அது கேட்பவரின் வீடு. சார்லஸ் ஃபில்மோர் என்ற மொழியியலாளர் 1971இல் சாண்டா குரூஸில் ஆற்றிய உரைகளில், ஆங்கிலத்தின் 'கம்' என்ற வினைக்கும் இதே மாதிரி நிபந்தனைகளைக் காட்டினார்: ஆள் இருக்கும் இடம் மட்டுமல்ல, அவருடைய வழக்கமான இருப்பிடமும் கணக்கில் வரும். அதே நண்பன் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கிறான் என்றால் 'உன் வீட்டுக்குப் போயிருந்தேன், அம்மா காபி கொடுத்தாங்க' என்பதும் இயல்பாகிவிடும். இங்கே கறாரான விதி இல்லை. அந்த வீட்டில் அவனை வைத்துப் பார்க்கிறோமா, இல்லையா என்பதுதான்.

எல்லா மொழியும் இப்படி இல்லை. ஸ்பானிய மொழியில் 'வெனிர்' (வா) பேசுபவர் பக்கம் மட்டுமே இழுக்கும். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால், பிள்ளை 'யா வோய்' என்பான், அதாவது 'இதோ போறேன்'. ஜப்பானியரும் அப்படித்தான், கூப்பிட்டவரிடம் 'போகிறேன்' என்றே சொல்வார்கள்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. 'நாளைக்கு அங்கே வரேன்' என்ற சின்ன வாக்கியத்தில் நாம் இரண்டு இடங்களில் நிற்கிறோம். 'அங்கே' என்பது என் காலடியிலிருந்து அளந்தது, உன் இடம் எனக்குத் தொலைவு. 'வரேன்' என்பதோ உன் பக்கத்தில் நின்று பார்ப்பது. நம் சுட்டுச்சொல் கேட்பவரை வெளியே நிறுத்துகிறது, வினை அவரை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் போனில் 'அங்க மழையா?' என்றால் உன் ஊரா, சற்றுமுன் பேசிய மூன்றாவது ஊரா என்று சில நேரம் தடுமாற வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் நாம் கைவிட்ட உகரத்தை அவர்கள் இன்னும் புழங்குகிறார்கள். 'உங்கை மழையோ?' என்றால் கேட்பவர் இருக்கும் இடம், 'அங்கை' என்றால் இருவருக்கும் அப்பாலுள்ள இடம். 'நாளைக்கு உங்கை வாறன்' என்னும்போது சுட்டும் வினையும் ஒரே ஆளைப் பார்க்கின்றன.

அப்புறம், அந்தத் தொல்காப்பிய விதியின் மறுபாதி. 'கொடு' படர்க்கைக்கு மட்டும் என்பது தமிழ்நாட்டுப் பேச்சில் நிற்கவில்லை, 'எனக்குக் கொடு' என்று தாராளமாகச் சொல்கிறோம். மலையாளத்தில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. எனக்கும் உனக்கும் என்றால் 'தன்னு', அவனுக்கு என்றால் 'கொடுத்து'. திருவனந்தபுரத்தில் கடைக்காரரிடம் 'எனிக்கு கொடுக்கு' என்று சொல்லிப் பாருங்கள், நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.